வீடு மாற மொத்தம் எவ்வளவு ஆகும்? டெபாசிட், வண்டி வாடகைக்கு அப்பால் உள்ள கணக்கு

கேள்வி: அடுத்த மாதம் வேறு வாடகை வீட்டுக்கு மாறப் போகிறோம். இரண்டு படுக்கையறை வீடு, நாங்கள் மூன்று பேர். புது வீட்டு டெபாசிட்டையும் வண்டி வாடகையையும் கூட்டி ஒரு தொகை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அது போதுமா? வேறு என்னென்ன செலவு வரும்? பழைய வீட்டு டெபாசிட் எப்படியும் திரும்பி வந்துவிடும் அல்லவா?

பதில்: போதாது. நான்கு பங்கு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றால் ஏழு பங்குக்கு மேல் கையில் இருக்க வேண்டியிருக்கும். பயந்துவிட வேண்டாம், அத்தனையும் செலவாகிக் கரைந்துபோகும் பணம் இல்லை. பாதிக்கு மேல் டெபாசிட்டாகவும் முன்வாடகையாகவும் உங்கள் கணக்கிலேயே நிற்கும். ஆனால் அது வேண்டிய தேதியில் கையில் இருந்தாக வேண்டும். பழைய டெபாசிட் திரும்பி வரும், உண்மைதான். ஆனால் அது வரும் தேதிக்கும் புது டெபாசிட் கொடுக்கும் தேதிக்கும் நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி விழும். வீடு மாறுகிறவர்கள் கடைசி வாரத்தில் கடன் வாங்க ஓடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியால்தான்.

வீட்டுச்சாமான் ஏற்றிச்செல்லும் தொழிலில், வீடு வீடாகப் போய் எவ்வளவு சாமான் இருக்கிறது, எந்த வண்டி வேண்டும் என்று மதிப்பீடு போடும் வேலையைப் பல வருடம் பார்த்தவன் நான். ஏற்றும் நாள் காலையில் முகம் வாடி நிற்கும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்திருப்பார்கள், எந்தத் தேதியில் எவ்வளவு என்று பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் உங்களைப் போன்ற ஒரு குடும்பத்தை எடுத்துத் தேதி வாரியாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

வாடகை ஊருக்கு ஊர் மாறும் என்பதால், இப்போது நீங்கள் இருக்கும் வீட்டின் ஒரு மாத வாடகையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். நான் 60 என்று சொன்னால் உங்கள் மாத வாடகையில் 60 சதவீதம் என்று பொருள். புது வீட்டு வாடகை 120. டெபாசிட் மூன்று மாத வாடகை, ஆக 360. பழைய வீட்டுக்குப் போனபோது வாடகை 80-தான் இருந்தது, அதனால் அங்கே கொடுத்து வைத்த டெபாசிட் 240. தரகர் மூலம் வீடு கிடைத்தது, அவருக்கு ஒரு மாத வாடகை. சாமான் கொண்டுபோக 60. உங்களுக்கு டெபாசிட் ஒரு மாதமாக இருக்கலாம், ஆறு மாதமாக இருக்கலாம், தரகரே இல்லாமலும் இருக்கலாம். அந்தந்த இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு மாறாது. நீங்கள் கூட்டிய முறைப்படி பார்த்தால் இந்தக் குடும்பம் ஒதுக்கியிருக்கும் தொகை 360-உம் 60-உம் சேர்ந்து 420.

இப்போது தேதிக்கு வருவோம். சாமான் ஏற்றும் நாளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு 28 நாள் முன்பு வீடு பிடித்துப்போய் டோக்கன் கொடுக்கிறார்கள், 60. இது டெபாசிட்டில் கழியும். வீட்டுக்காரர் மனம் மாறினால் டோக்கன் திரும்ப வருமா, நாம் பின்வாங்கினால் எவ்வளவு போகும் என்பதை ஒரு சிறு ரசீதிலாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ரசீது கைக்கு வந்த பிறகுதான் பழைய வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். முதலில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பிறகு புது வீடு கைநழுவிப் போனால் இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்க வேண்டிவரும். இவர்கள் ஏற்றும் நாளுக்கு 25 நாள் முன்பு ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கிறார்கள். அதாவது ஏற்றிய பிறகும் ஐந்து நாள் பழைய வீடு அவர்கள் பொறுப்பில்தான் இருக்கும். அந்த மாதத்துக்கான பழைய வாடகை வழக்கம்போல் சம்பளத்தில் போகிறது, அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

15 நாள் முன்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து. டெபாசிட்டில் மீதி 300, தரகருக்கு 120, ஒப்பந்தச் செலவு 6. ஒரே நாளில் 426 போய்விட்டது. ஒதுக்கி வைத்த 420 டோக்கனோடு சேர்ந்து இங்கேயே தீர்ந்துபோகிறது. வண்டி வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

10 நாள் முன்பு சாவி கைக்கு வருகிறது. சாவி வாங்கிய நாளிலிருந்து வாடகை ஓடும் என்பதால் முதல் மாத வாடகை 120 கட்டுகிறார்கள். அடுத்த சில நாளில் பூட்டு மாற்றுவது, வீட்டை ஆள் வைத்துச் சுத்தம் செய்வது, ஒழுகும் குழாயைச் சரிசெய்வது என்று 15. ஐந்து நாள் முன்பு வண்டிக்கு முன்பணம் 15, அட்டைப்பெட்டி, டேப், குமிழ் உறை இவற்றுக்கு 10. ஏற்றும் நாளில் வண்டிக்காரர்களுக்கு மீதி 45. அடுத்த ஒரு வாரத்தில் திரைக்கம்பி, விளக்கு, எலக்ட்ரீஷியன், இன்டர்நெட் இணைப்பு, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியைக் கழற்றி மாட்டுவது, சமையலறைக்கு ஒரு அலமாரி என்று 40. பழைய வீட்டின் கடைசி மின்சார, தண்ணீர்க் கட்டணம் 8.

எல்லாவற்றையும் கூட்டினால் 739. ஒதுக்கியதோ 420.

பழைய டெபாசிட் எப்போது வருகிறது? சாவியைத் திருப்பிக் கொடுத்து 30 நாள் கழித்து. அதுவும் 240 முழுதாக வராது. பெயின்ட், ஆணித் துளை, உடைந்த தாழ்ப்பாள் என்று 35 கழித்துக்கொண்டு 205 வருகிறது. ஆகவே 739-க்கும் இந்தக் குடும்பம் பழைய டெபாசிட்டை நம்பாமல் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இதில் உண்மையான செலவு எது, நிற்கும் பணம் எது என்று பிரித்துப் பார்த்தால் மனம் கொஞ்சம் தெளியும். டெபாசிட் 360 நிற்கும் பணம். முதல் மாத வாடகை எங்கிருந்தாலும் கொடுக்க வேண்டியது. கடைசி மின்கட்டணமும் அப்படித்தான். திரும்பி வராதவை தரகு 120, ஒப்பந்தம் 6, சுத்தமும் பூட்டும் 15, வண்டி 60, பெட்டி 10, புது வீட்டில் பொருத்துவது 40, டெபாசிட்டில் பிடித்த 35. இவற்றைக் கூட்டினால் 286. இதோடு இன்னொன்றும் உண்டு, அநேகமாக யாரும் எழுதி வைப்பதில்லை. புது வீட்டுச் சாவி வாங்கிய நாளிலிருந்து பழைய வீட்டைக் காலி செய்து கொடுக்கும் நாள் வரை 15 நாள் இரண்டு வீட்டுக்கும் வாடகை ஓடியிருக்கிறது. பழைய வாடகையில் அது 50. ஆக இந்தக் குடும்பம் வீடு மாறியதற்கான அசல் விலை 336. மூன்று மாத வாடகைக்கும் மேல்.

இந்த 336 ஏன் முக்கியம் என்றால், வீடு மாறலாமா என்று முடிவெடுக்கப் பயன்படும் எண் இதுதான். வாடகை குறைவு என்பதற்காகவே மாறுகிறவர்கள் பலர். மாதம் 20 மிச்சமாகும் என்று 80 வாடகைக்கு ஒரு வீடு பார்க்கிறார்கள் என்று வையுங்கள். தரகு 40 குறையும், அப்போதும் மாறும் செலவு கிட்டத்தட்ட 300 வரும். மாதம் 20 வீதம் மிச்சம் பிடித்து அதை ஈடுகட்ட 15 மாதம் ஆகும். ஒப்பந்தமே ஒரு வருடத்துக்குத்தான் என்றால், லாபம் தொடங்கும் முன்பே அடுத்த வீடு தேட வேண்டி வரலாம். இடவசதி, வேலைக்குப் போகும் தூரம், பிள்ளையின் பள்ளி என்று வேறு காரணம் இருந்தால் அது தனி விஷயம். வெறும் வாடகைக்காக என்றால் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்காமல் டோக்கன் கொடுக்காதீர்கள்.

சரி, இதில் எங்கெல்லாம் குறைக்கலாம்? தரகும் டெபாசிட்டும் பேசிப் பார்ப்பதைப் பொறுத்தது, அதில் நான் சொல்ல அதிகமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: டெபாசிட்டைக் குறைக்க மறுக்கும் வீட்டுக்காரர்கள்கூட, அதை இரண்டு தவணையாக, இரண்டாவதைப் பழைய டெபாசிட் கைக்கு வரும் தேதியில் வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பதுண்டு. அவருக்கு நஷ்டம் இல்லை, உங்களுக்கு நெருக்கடி பாதியாகும். காரணத்தைச் சொல்லி, தேதியைச் சொல்லிக் கேளுங்கள். சம்மதித்தால் அதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டு வாடகை ஓடும் நாட்கள் உங்கள் கையில் இருக்கிறது. ஒரே நாளில் காலி செய்து ஒரே நாளில் குடியேறினால் இந்தச் செலவே இருக்காது என்று தோன்றும். ஆனால் அதை நான் சொல்ல மாட்டேன். சாமான் ஏற்றிய பிறகுதான் பழைய வீட்டைச் சுத்தம் செய்ய முடியும், சுவரைச் சரிபார்க்க முடியும். புது வீட்டில் சாமான் இறங்கும் முன்புதான் குழாயும் பூட்டும் சரிசெய்ய முடியும். முன்னால் மூன்று நாள், பின்னால் இரண்டு நாள், மொத்தம் ஐந்து நாள் இருந்தால் போதும். அப்போது அந்த 50 என்பது 17 ஆகக் குறையும். சாவி சீக்கிரம் கிடைக்கிறதே என்று பத்து நாள் முன்பே வாங்கிப் பூட்டி வைத்திருப்பதில்தான் பணம் வீணாகிறது. வீட்டில் பெயின்ட் வேலை பாக்கி இருந்தால், அந்த நாட்களை வாடகையில் சேர்க்காமல் வேலை முடிந்த தேதியிலிருந்து வாடகை என்று கேட்பது நியாயம்.

நோட்டீஸ் காலத்தையும் இப்போதே ஒப்பந்தத்தில் எடுத்துப் பாருங்கள். ஒரு மாதம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், தாளில் இரண்டு மாதம் என்று இருக்கும். அந்த ஒரு வரியால் 100 போய்விடும்.

அடுத்தது பழைய டெபாசிட். நான் போட்ட 35 கழிவு இன்னும் கூடலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். சாதாரணமாகக் குடியிருந்ததால் ஏற்படும் தேய்மானம் வேறு, சேதம் வேறு. வெயிலில் மங்கிய பெயின்ட், நடந்து தேய்ந்த தரை இவை தேய்மானம். உடைந்த கண்ணாடி, சுவரில் பிள்ளை கிறுக்கிய படம், கழற்றியபோது பெயர்ந்து வந்த டைல் இவை சேதம். ஆனால் காலி செய்யும்போது பெயின்ட் செலவு குடியிருந்தவருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் இந்த வாதம் அங்கே நிற்பது கடினம். அதனால் அந்த வரியை முதலில் படியுங்கள். பெயின்ட் உங்கள் தலையில் இல்லை என்றால், ஆணித் துளைகளைச் சுவர்ப் பட்டி வைத்து நீங்களே அடைத்துவிடுங்கள். கையளவு பட்டியும் ஒரு தேய்ப்புத் தாளும் போதும், ஒரு மாலை வேலை. வீட்டுக்காரர் ஆள் வைத்துச் செய்தால் முழுச் சுவருக்கும் கணக்கு எழுதுவார்.

காலி செய்யும் நாளில் வீடு வெறுமையாக இருக்கும்போது அறைக்கு அறை போட்டோ எடுங்கள், மின்மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் எண் தெரிகிற மாதிரி எடுங்கள். வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். என்ன கழிக்கப் போகிறார், மீதி எந்தத் தேதியில் தருவார் என்பதை அங்கேயே பேசி, அன்று மாலையே அவருக்குச் செய்தியாக அனுப்பி வையுங்கள். புது வீட்டிலும் சாமான் இறங்கும் முன்பு இதே போட்டோக்களை எடுக்க வேண்டும். நான் ஒரு முறை புது வீட்டு மீட்டரைப் படம் எடுக்காமல் விட்டுவிட்டேன். முதல் கட்டணச் சீட்டில் எனக்கு முன்பு இருந்தவர் கட்டாத பாக்கியும் சேர்ந்து வந்தது. நான் வந்த அன்று மீட்டர் எதில் நின்றது என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. பாதியை நான்தான் கட்டினேன். அது மாத வாடகையில் பத்தில் ஒரு பங்கு. ஒரு போட்டோவில் முடிந்திருக்க வேண்டியது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன், வண்டி. இந்த 60 எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் எது 90 ஆக்கும் என்று புரியும். ஒரே ஊருக்குள் மாறும்போது செலவைத் தீர்மானிப்பது தூரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தூரம் அதில் சின்னப் பங்குதான். எத்தனை கன அளவு சாமான், அதை எத்தனை ஆள் எத்தனை மணி நேரம் சுமக்க வேண்டும் என்பதுதான் பெரிய பங்கு.

கன அளவை வீட்டில் நீங்களே பார்க்கலாம். நீளம், அகலம், உயரம் மீட்டரில் அளந்து பெருக்கினால் போதும். 45 சென்டிமீட்டர் நீள அகலமும் 50 உயரமும் உள்ள நடுத்தர அட்டைப்பெட்டி பத்து சேர்ந்தால் ஒரு கன மீட்டர். மூன்று பேர் உள்ள வீட்டில் துணி, பாத்திரம், புத்தகம், பொம்மை எல்லாம் கட்டினால் 40 பெட்டி சாதாரணமாக வரும், அதாவது 4 கன மீட்டர். சோபா ஒன்றரை. கழற்றாத இரண்டு கதவு பீரோ கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டு மெத்தையும் கழற்றிய கட்டில் பலகைகளும் சேர்த்து ஒன்றரை. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஒன்றுக்குச் சற்று மேல். மேசை, நாற்காலி, மற்றவை ஒன்று. ஆக மொத்தம் பத்தரை. வண்டிக்குள் இடைவெளி இல்லாமல் எதையும் அடுக்க முடியாது, அதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் பன்னிரண்டரையைத் தாண்டும். உள்ளே 9 கன மீட்டர் கொள்ளும் வண்டி வந்து நின்றால் இரண்டு நடை ஆகும். இரண்டாவது நடைக்குக் கூலியும் நேரமும் தனி.

மதிப்பீடு தவறுவது எப்போதும் பெட்டியின் எண்ணிக்கையில்தான். கட்டில், சோபா கண்ணுக்குத் தெரியும், எண்ணிவிடுவோம். "இருபது பெட்டி இருக்குங்க" என்பார்கள். நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணைத் திறப்பேன். பழைய சூட்கேஸ், பிள்ளை சின்ன வயதில் ஓட்டிய சைக்கிள், மிக்ஸி வந்த பெட்டி, விருந்தாளிக்கு வைத்த பாய், தலையணை எல்லாம் அங்கே இருக்கும். அப்புறம் கட்டிலுக்கு அடியில், பால்கனியில், கதவுக்குப் பின்னால். கடைசியில் நாற்பதுக்குக் குறையாது. வீடியோ அழைப்பில் மதிப்பீடு கேட்கிறீர்கள் என்றால் வரவேற்பறையை மட்டும் காட்டாமல் பரண், அலமாரி எல்லாவற்றையும் திறந்து காட்டுங்கள். மறைத்தால் விலை குறைவாக வரும், ஏற்றும் நாளில் கூடும்.

பரணிலிருந்து எடுத்ததை அப்படியே புது வீட்டுப் பரணுக்குக் கொண்டுபோகக் காசு கொடுக்க வேண்டுமா என்பதையும் அந்த நேரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பெட்டி குறைந்தால் ஒரு கன மீட்டருக்கும் மேல் குறைகிறது. பீரோவைக் கழற்றிப் பலகையாக்கினால் இன்னொரு கன மீட்டர். இந்த இரண்டையும் செய்தாலே சில வீடுகளில் இரண்டு நடை ஒன்றாகிவிடும்.

ஆள் கூலியைக் கூட்டுபவை வேறு. லிஃப்ட் இல்லாத மாடி, வாசல் வரை வண்டி வர முடியாத சந்து, லிஃப்டைக் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் தரும் அடுக்குமாடி, சாவி வராமல் வண்டி காத்திருக்கும் நேரம். இவை இரண்டு வீட்டிலும் எப்படி என்று விலை கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். கட்டில், பீரோ கழற்றி மாட்டுவது, பெட்டி கட்டுவது, காத்திருப்பு, மாடி ஏற்றுவது எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று ஒரே தொகையை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் கால்பங்குக்கு மேல் வேண்டாம். மற்ற எல்லோரையும்விடப் பாதி விலை சொல்லிவிட்டு, சாமானை ஏற்றிய பிறகு வழியில் வண்டியை நிறுத்தி இன்னும் கொடு என்று கேட்பவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. எழுத்தில் மொத்தத் தொகை தர மறுப்பதுதான் அதற்கு முதல் அறிகுறி. மாதக் கடைசியிலும் விடுமுறை நாளிலும் எல்லோரும் மாறுவதால் கூலி ஏறும். மாத நடுவில் ஒரு வேலை நாளில் லீவு போட முடிந்தால் அதற்கே கேளுங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நான்காவது மாடிக்கு ஒரு பெரிய சோபா ஏற்றினோம். படி திரும்பும் இடத்தில் கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவில் 80 சென்டிமீட்டர்தான் இருந்தது. சோபாவின் உயரம் 85, ஆழம் 90. கால்களைக் கழற்றினோம், உயரம் 76 ஆனது. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தோம். அகலம் சரியாக வந்தது, நீளம் திரும்ப மறுத்தது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் கீழே இறக்கி, பால்கனி வழியாகக் கயிறு கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு சோபாவுக்கு மட்டும் வண்டிக் கூலியில் பாதி கூடுதலாக ஆனது. புது வீட்டைப் பார்க்கப் போகும்போது கையில் அளவு நாடா எடுத்துப் போங்கள். வாசல் கதவு, படித் திருப்பம், லிஃப்டின் உள்பக்கம், படுக்கையறைக் கதவு இந்த நான்கின் மிகக் குறுகிய அளவைக் குறித்து, உங்கள் சோபா, பீரோ, ஃபிரிட்ஜ் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போகாது என்று முன்பே தெரிந்தால் அதை விற்றுவிட்டே கிளம்பலாம்.

சேதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் வாங்கியபோது, பொருத்த வந்தவர் பின்பக்கத்திலிருந்து சில நீளமான போல்ட்டுகளைக் கழற்றி உங்களிடம் கொடுத்திருப்பார். அவை பயணத்தின்போது உள்ளே இருக்கும் டிரம் ஆடாமல் பிடிப்பதற்காக இருப்பவை. ஏற்றும் முன்பு அவற்றைத் திரும்ப மாட்ட வேண்டும். காணவில்லை என்றால் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டாமல் ஏற்றினால் டிரம்மைத் தாங்கும் பாகங்கள் பழுதாகலாம், பழுது பார்க்கும் செலவு போல்ட் விலையைப் போல் பல மடங்கு. இன்னொன்று காப்பீடு. சாமானுக்குக் காப்பீடு எடுக்கிறீர்கள் என்றால், நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தது அதில் அடங்குமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அடங்காது, அவர்கள் ஆள் கட்டிய பெட்டிக்குத்தான் பொறுப்பு. கண்ணாடியையும் டிவியையும் மட்டும் அவர்களைக் கட்டச் சொல்லிவிட்டு, துணியையும் புத்தகத்தையும் நீங்கள் கட்டிக்கொண்டால் செலவும் குறையும், பாதுகாப்பும் இருக்கும். புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் கட்டுங்கள், பெரிய பெட்டியில் நிரப்பினால் தூக்கும்போது அடி பிரிந்துவிடும்.

புது வீட்டில் பொருத்தும் செலவு 40 என்று போட்டிருக்கிறேன். இதில்தான் மனிதர்கள் முதல் வாரத்தில் கைமீறிப் போகிறார்கள். ஜன்னல் அளவு வேறு, பழைய திரை குட்டை. சமையலறையில் இடம் போதவில்லை. முதல் வாரத்தில் வாங்கியே தீர வேண்டியவை வெளிச்சம், தண்ணீர், பூட்டு, படுக்கையறைத் திரை, வேலைக்கு வேண்டிய இன்டர்நெட். மற்றது எதுவும் அடுத்த சம்பளம் வரை பொறுக்கும். ஒரு மாதம் அந்த வீட்டில் இருந்து பார்த்தால், அவசரத்தில் வாங்க நினைத்ததில் பாதி தேவையே இல்லை என்று தெரியும். ஏசி இருந்தால் அதைக் கழற்றி மாட்டுவதை மட்டும் தனி வரியாக எழுதுங்கள். குழாய் நீளம் போதாமல் போவதும் கேஸ் நிரப்ப வேண்டியிருப்பதும் அடிக்கடி நடப்பவை.

இனி எதிர்பாராத செலவுக்கு எவ்வளவு? மொத்தத் தொகையில் பத்து சதவீதம் என்று போடாதீர்கள். டெபாசிட், வாடகை, தரகு எல்லாம் பேசி முடித்த தொகைகள், அவை ஏறாது. கூடக்கூடியவை வண்டி 60, பொருத்துவது 40, சுத்தமும் பூட்டும் 15, பெட்டி 10, ஆக 125. இதில் கால்பங்கு, சுமார் 30, தனியாக வைத்துக்கொண்டால் போதும். அப்படியானால் இந்தக் குடும்பம் கையில் வைத்திருக்க வேண்டியது 739-உம் 30-உம் சேர்ந்து ஏறக்குறைய 770.

உங்கள் கணக்கை ஒரு தாளில் மூன்று பத்தியாக எழுதுங்கள்: தேதி, தொகை, அந்தத் தொகை திரும்பி வருமா வராதா. வரும் என்றால் எந்தத் தேதியில் என்றும் பக்கத்தில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒரு இடத்தைக் கூர்ந்து பாருங்கள். புது வீட்டுச் சாவி ஏற்றும் நாளுக்கு 10 நாள் முன்பு வாங்கியதால், இரண்டாவது மாத வாடகை 120 ஏற்றிய 20-ஆம் நாளே கட்ட வேண்டும். பழைய டெபாசிட் வருவதோ 35-ஆம் நாள். அந்த வாடகையைச் சம்பளத்திலிருந்து எடுப்பதாகவே எழுதிக்கொள்ளுங்கள், டெபாசிட் வந்ததும் கட்டிவிடலாம் என்று விட்டுவைக்காதீர்கள்.